அட்ரஸ் அம்மாவின் புக்மார்க்குகள்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களில், இனிமேல் பிறக்கப் போகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன், பிரவுசரில் புக்மார்க் வைக்கத் தெரிந்த ஆள் ஒரே ஒருத்திதான். என் அத்தை. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவரே எழுந்து வந்து அத்தையின் மேசைக்கு முன்னால் கை கட்டி நின்று, "அம்மா, புக்மார்க் எப்படி வைக்கணும்னு எனக்குச் சொல்லித் தரணும்" என்று கெஞ்சினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அத்தையும் ஆச்சரியப்பட மாட்டாள். "முதல்ல போய் டோக்கன் போட்டுட்டு வாங்க" என்பாள்.

அத்தைக்கு வேலை ஆஸ்பத்திரியில். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகும் நடைபாதையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், மேலே 'உதவி மேசை' என்று ஒரு பலகை. பலகையில் ஓர் எழுத்து பாதி உரிந்திருக்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் அப்பா அம்மாக்கள் நேராக அங்கேதான் வருவார்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று சற்று முன்புதான் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறியிருக்காது. கையில் ஒரு சீட்டு, கண்ணில் ஒரு மிரட்சி. அத்தை முதலில் குழந்தையிடம் ஒரு ரப்பர் முத்திரையைக் கொடுத்துக் கையில் குத்திக்கொள்ளச் சொல்வாள். அப்புறம்தான் பேச்சு.

"காதுல மாட்டுற கருவி எங்கம்மா வாங்கறது?"

"பழுதானா யார் பார்ப்பா?"

"பேசக் கத்துக்குடுப்பாங்களாமே, அது எங்க?"

எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஒரு முகவரி இருக்கும். அதனால்தான் அந்த நடைபாதை முழுக்க அவளுக்கு 'அட்ரஸ் அம்மா' என்று பெயர். கேட்கிறவருக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் ஒரு புக்மார்க்கைத் திறந்து, வரைபடத்தைக் காட்டி, போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புவாள்.

நீங்களும் நானும் புக்மார்க் வைத்தால் அந்த இணையதளம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தலைப்பு அப்படியே விழும். 'முகப்பு', 'வருக வருக', இல்லாவிட்டால் கம்பெனியின் பெயர். அத்தை அப்படி விடமாட்டாள். ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, வந்து கேட்கும் அம்மாக்களின் வாயில் என்ன வருமோ அதையே தலைப்பாகப் போடுவாள். 'கருவி கீச்சுனு கத்துதா', 'பேட்டரி சீக்கிரம் தீந்துடுது', 'ஸ்கூல்ல சேக்க மாட்டேங்கறாங்க.' இவற்றையெல்லாம் கோப்புறை கோப்புறையாக அடுக்கி வைத்திருந்தாள். 'கருவி' ஒன்று. 'பேச்சுப் பயிற்சி' ஒன்று. 'பள்ளிக்கூடம்' ஒன்று. 'விண்ணப்பம்' ஒன்று. 'கருவி'க்குள் மட்டும் இன்னொரு சின்னக் கோப்புறை. அதன் பெயர் 'கிட்டப் போகாதே.'

அதற்குள் இருப்பவர்கள் எல்லாம் பொல்லாதவர்கள். காதில் எண்ணெய் ஊற்றினால் கருவியே வேண்டாம் என்கிறவன். வெறுமனே சத்தத்தைக் கூட்டும் பொம்மையைக் காது கேட்கும் கருவி என்று விற்கிறவன். இங்கேயும் அத்தை தன் பாணியிலேயே தலைப்பு வைத்திருந்தாள். 'எண்ணெய் அபிஷேகம்', 'வாங்குனதோட சரி, போனை எடுக்க மாட்டான்' என்று நக்கலாக இருக்கும்.

"நல்லவங்களை யார் வேணாலும் சொல்லிடுவாங்கடா," என்பாள். "யார்கிட்டப் போகக் கூடாதுன்னு சொல்லத்தான் ஆள் கிடையாது."

இனி என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். அத்தை வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, பாதியிலேயே பேசிப் பிரிந்துவிட்டோம். வீடியோ பார்த்துக் கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றதை நல்ல காரியங்களுக்கு மட்டுமே பயன்படுத்துவேன். உதாரணமாக, அத்தையின் கம்ப்யூட்டரில் மவுஸின் இடது வலதை மாற்றிவிட்டு, அவள் அதை மேசையில் தட்டித் தட்டித் திட்டுவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து ரசிப்பது. தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். என் பெயரை அத்தை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'வாலு' என்பாள்.

ஒருநாள் நான் டப்பாவோடு போனபோது அத்தையின் முகம் சரியில்லை.

"வாலு, கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போறாங்களாம்டா. எல்லா மேசையிலயும் புதுசு வெக்கப் போறாங்க. என் அட்ரஸ் எல்லாம் போச்சு."

"எதுவும் போகாது அத்தை. ஏற்றுமதி பண்ணா ஒரே கோப்புல வந்துடும்."

"ஏற்றுமதியா? கப்பல்லயா?"

"ஆமா. கப்பல் என் பாக்கெட்ல இருக்கு," என்று பென் டிரைவை எடுத்துக் காட்டினேன்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோப்பாக வருகிறது என்றால் காகிதத்திலும் போடலாமே? வருகிறவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டால், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்ப்பார்களே? பெரிய டாக்டரிடம் கேட்டாள். அவர் சரி என்றார், "உங்க வார்த்தையை நம்பித்தான் சொல்றேன்" என்று ஒரு வால் சேர்த்து.

புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்தேன். வந்த கோப்பை அப்படியே அச்சடித்துப் பார்த்தோம். தலைப்பு மட்டும் கோடு போட்டு விழுந்ததே தவிர, அது எந்த இணைய முகவரிக்குப் போகிறது என்பது காகிதத்தில் வரவில்லை. காகிதத்தைத் தட்டினால் திறக்குமா? வரிசையும் அத்தை எப்போது எதை வைத்தாளோ அந்த வரிசை. "இதுல தேடறதுக்குள்ள குழந்தைக்குக் கல்யாண வயசு வந்துடும்," என்றாள்.

"கோப்புறை வாரியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் அகரவரிசையா, தலைப்பு, கீழ முகவரி. அவ்வளவுதானே? சாப்பிட்டு முடி, அதுக்குள்ள முடிச்சிடறேன்."

சாப்பிட்டு முடிப்பதற்குள் முடித்தேன். அதுதான் பிரச்சினையே.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஒவ்வொரு புக்மார்க்குக்கும் ஒரு வரி. அந்த வரியில் முகவரி, வைத்த நேரம், கடைசியில் தலைப்பு. நடுவில் அந்தத் தளத்தின் குட்டிப் படத்தையும் எழுத்தாக மாற்றித் திணித்திருப்பார்கள், பூனை விசைப்பலகை மேல் நடந்த மாதிரி நீளமாகப் போகும். கோப்புறையின் பெயர் ஒரு தலைப்பு வரியில் வரும். நான் எழுதிய நிரல் ரொம்ப எளிமையானது. வரி வரியாகப் படி. கோப்புறைப் பெயர் வந்தால் அதை நினைவில் வை. புக்மார்க் வந்தால், நினைவில் இருக்கும் பெயருக்குக் கீழே போடு. கடைசியில் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அகரவரிசைப்படுத்து.

ஓட்டினேன். வந்தது. தலைப்புகள் எல்லாம் அகரவரிசையில் அழகாக நின்றன. 'பேச்சுப் பயிற்சி'யைச் சரிபார்த்தேன், சரி. 'பள்ளிக்கூட'த்தைச் சரிபார்த்தேன், சரி. மிச்சத்தைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் 'அட்ரஸ் அம்மா அருளிய அரிய பொக்கிஷம்' என்று பெரிதாகப் போட்டேன். என் உழைப்பில் பாதி அந்தத் தலைப்புக்கு எழுத்துரு தேடுவதில் போயிற்று.

"இதை எடுடா கழுதை," என்று சிரித்தாள் அத்தை. எடுத்தேன். கட்டுக் கட்டாக நகல் எடுத்தோம். அன்று முழுக்க நடைபாதையில் எனக்கு ராஜ மரியாதை. நடைபாதை கூட்டும் ஆயாம்மா வந்து, "உன் மருமகன் மூளைக்காரன்தான்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மகனைப் பாராட்டியதில் அத்தை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோனார்கள். புதியது வந்தது. "அந்தக் கோப்பை இதுல ஏத்திக் குடுடா" என்று அத்தை தினமும் கேட்டாள். "நாளைக்கு" என்று தினமும் சொன்னேன். காகிதம்தான் கையில் இருக்கிறதே, அவளும் அதில் தலைப்பை மட்டும் தேடி, அதன் கீழே இருக்கும் முகவரியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சில வாரம் போனது.

ஒரு மத்தியானம் அத்தை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் இருந்த வரிசையின் கடைசியில் ஒருவர் நின்றார். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி, பட்டையோடு தூக்கிவிட்டபடி. கழற்ற மறந்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அத்தை எழுந்துவிட்டாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு வரிசையில நிக்கறீங்க? வாங்க, உக்காருங்க."

அவர்தான் கருவி பழுது பார்க்கிறவர். அத்தை அவரைப் பற்றிப் பேசி நான் நிறையக் கேட்டிருக்கிறேன். காதுக்குள் வைக்கும் அச்சுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு மெல்லிய குழாய் வருமே, அது சில மாதத்தில் விறைத்துப்போகும். குழந்தைகளுக்கு அதைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பார். அவர் பெண் ஒற்றைப் பக்கத்தில் ஓர் இணையதளம் போட்டுக் கொடுத்திருந்தாள். அத்தை அதற்கு வைத்த தலைப்பு: 'குழாய் மாத்துறவர், குழந்தையை அழ விடமாட்டார்.'

அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். எங்கள் பட்டியல்.

"அம்மா, நான் எதாவது தப்பு பண்ணியிருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"என்ன சொல்றீங்க?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். கொட்டை எழுத்தில் 'கிட்டப் போகாதே.' அதற்குக் கீழே எண்ணெய் அபிஷேகம். அதற்குக் கொஞ்சம் கீழே, அகரவரிசை பிசகாமல், 'குழாய் மாத்துறவர், குழந்தையை அழ விடமாட்டார்.'

"கிண்டல் வேற பண்ணியிருக்கீங்க," என்றார். குரல் ஏறவே இல்லை. "என் பொண்ணுதான் முதல்ல படிச்சா. ஒரு அம்மா கொண்டுவந்து காட்டினாங்களாம். 'அப்பா, நீ யாரை அழ வெச்சே?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அத்தை காகிதத்தை வாங்கினாள். படித்தாள். மறுபடி படித்தாள். 'வாங்குனதோட சரி' என்பவனுக்கும் 'எண்ணெய்' ஆளுக்கும் நடுவில், அவள் எப்போதும் புகழும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அவள் நக்கலாகத் தலைப்பு வைப்பாள் என்பது நடைபாதைக்கே தெரியும். அதனால் இவர்களுடைய நல்ல தலைப்புகளையும் நக்கல் என்றே எல்லோரும் படித்திருக்கிறார்கள். தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வாலு," என்றாள் என்னைப் பார்க்காமல். "இது எப்படிடா இங்க வந்துச்சு?"

எனக்கு உண்மையாகவே தெரியாது. 'தெரியலை, பார்த்துச் சொல்றேன்' என்றிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் அவர் நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடி என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"நீ எப்படி வெச்சியோ அப்படித்தான் அத்தை வந்திருக்கு. கம்ப்யூட்டரா ஒண்ணும் மாத்தாது. நீ இழுத்துப் போடும்போது கை தவறி அந்தக் கோப்புறைக்குள்ள விழுந்திருக்கும்."

அத்தை ஒரு கணம் யோசித்தாள். பழைய கம்ப்யூட்டர் இருந்தால் திறந்து பார்த்திருப்பாள். அது எங்கே போயிற்றோ. என்னை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

"இருக்கும்," என்றாள். "கண்ணு முன்ன மாதிரி இல்லை." பிறகு அவரிடம், "என் கைத் தப்புங்க. என்னை மன்னிச்சிடுங்க."

நிலத்துக்குள் போய்விட்டால் தேவலாம் என்று சொல்வார்களே, அந்த நடைபாதையில் தரை கெட்டியான கல். நான் டப்பா மூடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அத்தை அதோடு விடவில்லை. சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். முன்னறைதான் அவருக்குப் பட்டறை. சன்னலோரம் ஒரு மேசை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, காதில் சேரும் அழுக்கைக் கருவியிலிருந்து எடுக்கச் சின்னச் சின்ன ஊசிகள், பிரஷ்கள். சுவரில் குழாய்ச் சுருள்கள் ஆணியில் தொங்கின. பழுதுக்கு வந்த கருவிகளை வைக்கப் பெட்டிப் பெட்டியாகத் தடுத்த ஒரு தட்டு. முக்கால்வாசி காலி. அவர் பெண் கதவருகில் நின்று எங்களைப் பார்த்தாள். என் வயசுதான் இருக்கும். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"உக்காருங்கம்மா," என்றார் அவர்.

"இல்ல, நின்னே சொல்லிடறேன். அந்தத் தாளை வாங்கிட்டுப் போனவங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்றேன். நம்பர் எழுதி வெச்சிருக்கேன்."

"பரவாயில்லைம்மா. மனுஷங்கன்னா கை தவறும்."

"என் வேலையே அது ஒண்ணுதான். அதுலயும் கை தவறினா எப்படி?"

அவர் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கையிலிருந்த கருவியில் குழாயைச் செருகத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது. கத்தியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவரிடம் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தலாம்.

திரும்பி வரும்போது வழி முழுக்கக் கோமாளித்தனம் செய்து பார்த்தேன். அவள் மவுஸைத் தட்டித் தட்டித் திட்டியதைக்கூட நடித்துக் காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. "ஏன்டா, அன்னிக்கு மவுஸ் எனக்குத் தலைகீழா வேலை செஞ்சுதே, அப்பத்தான் இது மாறியிருக்குமோ?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். நான் செருப்பில் கல் மாட்டிக்கொண்டது போலக் குனிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து அத்தை மாறிவிட்டாள். போன் மேல் போன் போட்டாள். ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியம்: "என் கைத் தப்புங்க." புதிதாக வருகிறவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் வேற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றாள். அட்ரஸ் அம்மா சொல்கிற பேச்சா அது? கேட்டவர்களின் மிரட்சி இன்னும் கூடியது. ஒரு தாத்தா, "அப்ப நாங்க யாரைம்மா கேக்கறது?" என்றார். அத்தையிடம் அதற்கு முகவரி இல்லை.

வெள்ளிக்கிழமை டப்பாவோடு போனபோது ஆயாம்மா என்னைத் தூணுக்குப் பக்கம் இழுத்தார்.

"உங்க அத்தை எழுதிக் குடுத்துடுச்சுப்பா. இந்த மேசை வேணாம், டோக்கன் கவுண்டருக்கு மாத்துங்கன்னு. கண்காணிப்பாளர் மேசையில இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்தாயிடும்."

"டோக்கன் கவுண்டரா? அங்க என்ன வேலை?"

"நம்பரைக் கிழிச்சுக் குடுக்கற வேலை. அதுல தப்பு பண்ண முடியாதுன்னு சொல்லுச்சாம்."

வீட்டுக்கு ஓடினேன். என் பழைய மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன்.

கோப்புறையின் பெயர் வந்ததும் அடுத்த வரியில் ஒரு குறி இருந்தது. பெட்டியைத் திறப்பது போல. அந்தக் கோப்புறையில் உள்ளவை எல்லாம் முடிந்ததும் இன்னொரு குறி, பெட்டியை மூடுவது போல. 'கருவி' திறக்கிறது. சில புக்மார்க்குகள். நடுவில் 'கிட்டப் போகாதே' திறக்கிறது. பொல்லாதவர்கள். பெட்டி மூடுகிறது. அதற்கப்புறம், மறுபடி வெறும் 'கருவி'க்குள், அத்தை பின்னாளில் சேர்த்தவர்கள். முதல் ஆளே குழாய் மாத்துறவர். கடைசியில் 'கருவி' மூடுகிறது.

என் நிரலுக்குப் பெட்டி மூடியதே தெரியாது. கடைசியாகப் பார்த்த பெயர் 'கிட்டப் போகாதே.' அடுத்து வந்த நல்லவர்களை எல்லாம் அதன் கீழேயே போட்டுவிட்டது. 'பேச்சுப் பயிற்சி' என்று அடுத்த பெயர் வரும்வரை இதுதான். மற்ற கோப்புறைகளில் உள்ளே கோப்புறை இல்லை, அதனால் அவை சரியாக வந்தன. நான் பார்த்ததும் அவற்றை மட்டும்தான். போதாததற்கு, கடைசியில் அகரவரிசை வேறு. கோப்பில் இருந்தபடியே விட்டிருந்தால், பொல்லாதவர்கள் எங்கே முடிகிறார்கள், நல்லவர்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று அத்தைக்குப் பார்த்ததும் பிடிபட்டிருக்கும். வரிசைப்படுத்தி இரண்டையும் சீட்டுக் கட்டு மாதிரி கலைத்துப் போட்டிருந்தேன்.

கை தவறியது அத்தைக்கு அல்ல. அவள் வைத்ததில் ஒரு பிசகும் இல்லை. ஒரு தடவைகூட அவளுக்குக் கை தவறவில்லை. கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தப் பெண் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

நிரலைத் திருத்துவது கஷ்டமே இல்லை. பெட்டி திறந்தால் அந்தப் பெயரை ஏற்கெனவே இருக்கும் பெயர்களுக்கு மேலே அடுக்கு. பெட்டி மூடினால் மேலே இருப்பதை எடுத்துவிடு. புக்மார்க் வந்தால், அப்போது எது மேலே இருக்கிறதோ அதற்குக் கீழே போடு. அடுக்கியதைக் காகிதத்தில் காட்டும்போது 'கருவி' தனி, 'கருவிக்குள் கிட்டப் போகாதே' தனி என்று முழு வழியையும் எழுது. ஓட்டினேன். இந்தத் தடவை எல்லாக் கோப்புறையையும், ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். குழாய் மாத்துறவர் 'கருவி'க்கு வந்துவிட்டார்.

உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கும் ஒரு திட்டம் போட்டேன். உண்மையைச் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சரி செய்கிற திட்டம். புதுப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுப்பது. 'உன் தப்பைத் திருத்திட்டேன் அத்தை, இனிமே பயமில்லை' என்று சொல்வது. அத்தைக்குத் தைரியம் வரும். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். எனக்கும் மானம் போகாது. இப்படி யோசித்ததற்காகவும் வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அச்சடித்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே போய்விட்டேன். அத்தை மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ரப்பர் முத்திரையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, டப்பா நேரம்கூட ஆகலை?"

"அத்தை, இதைப் பாரு. உன் தப்பை எல்லாம் சரி பண்ணிட்டேன். கை தவறி விழுந்ததை எல்லாம் பழையபடி எடுத்து வெச்சாச்சு."

வாங்கிப் படித்தாள். நிதானமாக. ஒவ்வொரு பக்கமாக. 'கருவி' வந்தபோது விரல் நின்றது.

"எல்லாரும் சரியா இருக்காங்களே," என்றாள். "எனக்குக்கூட யார் யார் மாறிப் போயிருந்தாங்கன்னு முழுசா ஞாபகம் இல்லை. நீ எப்படிடா ஒண்ணுவிடாம கண்டுபிடிச்சே?"

"அது... மூளை அத்தை."

"ஓஹோ. அந்தக் கோப்புல போய் மாத்தினியா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அவளுடைய பொக்கிஷத்தை நான் குதறிவிட்டேனோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பெருமையாகச் சொன்னேன்:

"சேச்சே! உன் கோப்பை நான் தொடவே இல்லை. அன்னிக்கு எடுத்தது அப்படியே இருக்கு, ஒரு புள்ளிகூட மாறலை."

"நல்லதாப் போச்சு. அதை இந்தப் புது கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடேன். தினமும் நாளைக்கு நாளைக்குன்னியே. எனக்கப்புறம் இங்க உக்காரப் போறவங்களுக்காவது உதவும்."

பென் டிரைவைச் செருகினேன். புக்மார்க் இறக்குமதி என்று கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் அத்தையின் கோப்புறைகள் எல்லாம் பக்கவாட்டில் வந்து நின்றன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். 'கருவி'யைத் திறந்தாள். 'கிட்டப் போகாதே'யைத் திறந்தாள்.

உள்ளே எண்ணெய் ஆள் இருந்தான். பொம்மை விற்கிறவன் இருந்தான். போனை எடுக்காதவன் இருந்தான். வேறு யாரும் இல்லை.

அத்தை அதை மூடினாள். அதற்குக் கீழே, கோப்புறைக்கு வெளியே, முதல் ஆளாக நின்றார் குழாய் மாத்துறவர்.

நடைபாதையில் யாரோ ஒரு குழந்தை அழுதது. அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் வெச்ச இடத்துலயேதான் இருக்காரு," என்றாள்.

நான் பென் டிரைவைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன்.

"கோப்பை நீ தொடவே இல்லை. ஒரு புள்ளிகூட மாறலை. அப்படித்தானே சொன்னே?"

தலையாட்டினேன்.

"அப்ப யாருடைய கைடா தவறிச்சு?"

பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, ரப்பர் முத்திரையை எடுத்து மறுபடி மேசை மேல் வைத்தாள்.

"கண்காணிப்பாளர் பத்து மணிக்கு வருவாரு. போய் என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டு வா. ஏன்னு கேப்பாரு. கேட்டா சொல்லு. அங்க இருந்து நேரா குழாய் மாத்துறவர் வீட்டுக்குப் போ. அந்தப் பொண்ணும் வீட்டுல இருந்தா அதுகிட்டயும் சொல்லு."

"அத்தை, சாயங்காலமாப் போறேனே..."

"வாலு," என்றாள். அதற்குள் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் சீட்டு. அத்தை அவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த மவுஸைத் தலைகீழாக்கினதும் நீதான்னு இப்பத்தான் புரியுது. அதையும் சேர்த்துச் சொல்லிட்டு வா."